இருபத்தாறாம் தேதி யாருக்கு லீவு? ஒரே அறிவிப்பு, ஐந்து இடங்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

2022 டிசம்பர் 20, செவ்வாய்க்கிழமை. கோலாலம்பூரில் இருக்கும் எங்கள் தலைமை அலுவலகம் நான்கு வரியில் ஓர் அறிவிப்பை எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பியது:

"அனைத்து ஊழியர்களின் கவனத்திற்கு. டிசம்பர் 25 கிறிஸ்துமஸ் பொது விடுமுறை. அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் டிசம்பர் 26, திங்கட்கிழமை மாற்று விடுமுறை. டிசம்பர் 27, செவ்வாய்க்கிழமை முதல் அலுவலகம் வழக்கம்போல் இயங்கும்."

படிக்கும்போது ஒரு குறையும் தெரியவில்லை. வருகைப் பதிவும் சம்பளக் கணக்கும் பார்க்கும் நானும் அதைச் சரி என்றுதான் மேலே அனுப்பினேன். ஜனவரி முதல் வாரம் வருகைப் பதிவை மூடும்போது பார்த்தால் அந்த மூன்று தேதிகளில் மட்டும் பதினான்கு பேருடைய பதிவு தகராறில் நின்றது. சிலருக்கு விடுப்பு வெட்டப்பட்டிருந்தது, சிலருக்கு வரவே வேண்டாத நாளில் 'வரவில்லை' என்று விழுந்திருந்தது. ஒருவர் வேலை செய்த பொது விடுமுறை சாதாரண நாளாகப் பதிவாகியிருந்தது.

அறிவிப்பில் பிழை என்று சொல்லக்கூடிய வரி ஒன்றுகூட இல்லை. கோலாலம்பூரில் திங்கள் முதல் வெள்ளி வரை வேலை செய்பவருக்கு அது நூற்றுக்கு நூறு சரி. 'அனைத்து ஊழியர்கள்' என்ற இரண்டு சொற்கள்தான் எல்லாவற்றையும் கிளப்பிவிட்டன.

கோலாலம்பூர்: ஞாயிறு வேறு, ஓய்வு நாள் வேறு

முதலில் அந்தத் திங்கட்கிழமை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் 60D என்று ஒரு பிரிவு. ஆண்டுக்கு 11 பொது விடுமுறைகளைச் சம்பளத்தோடு கொடுக்க வேண்டும் என்கிறது. அதில் ஐந்தைச் சட்டமே பெயர் சொல்லிக் கட்டாயமாக்கிவிட்டது: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளரின் பிறந்தநாள் அல்லது கூட்டரசுப் பிரதேச தினம், தொழிலாளர் தினம், மலேசிய தினம். மீதி ஆறை, அரசிதழில் வந்த விடுமுறைகளிலிருந்து முதலாளி தேர்ந்தெடுத்து, ஆண்டு தொடங்கும் முன்பே வேலையிடத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும். கிறிஸ்துமஸ் அந்தக் கட்டாய ஐந்தில் இல்லை. எங்கள் நிறுவனம் ஒட்டிய ஆறில் இருந்தது.

ஆகவே டிசம்பரில் வந்த நான்கு வரி நோட்டீஸுக்கு முன்பே ஒரு நோட்டீஸ் சுவரில் இருந்தது. தண்ணீர்க் குடுவைக்கு மேலே, ஓரம் சுருண்டு, ஒரு வருடமாக யாரும் படிக்காமல். உரிமை அங்கே இருக்கிறது. டிசம்பர் நோட்டீஸ் அதை நினைவூட்டும் காகிதம்தான்.

அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. அந்தப் பொது விடுமுறை ஓய்வு நாளிலோ வேறொரு பொது விடுமுறை நாளிலோ விழுந்தால், அதற்கு அடுத்து உடனே வரும் வேலை நாள் சம்பளத்தோடு கூடிய மாற்று விடுமுறை. 'ஓய்வு நாள்' என்பதுதான் சொல். ஓய்வு நாள் என்பது ஊழியருக்கு வாரத்தில் ஒதுக்கப்பட்ட அந்த முழு நாள். பெரும்பாலானவர்களுக்கு அது ஞாயிறாக இருப்பதால் நாம் பேச்சில் 'ஞாயிறு வந்தால் திங்கள் லீவு' என்று சுருக்கிவிட்டோம். அந்தச் சுருக்கம் அப்படியே நோட்டீஸிலும் ஏறிவிட்டது.

அடி வாங்கியது எங்கள் பாதுகாவலர். சுழற்சி முறையில் வேலை செய்பவர், அவருடைய ஓய்வு நாள் புதன். ஞாயிறு அவருக்குச் சாதாரண வேலை நாள்தான். ஆக, கிறிஸ்துமஸ் அவருடைய ஓய்வு நாளில் விழவே இல்லை. 25ஆம் தேதியே அவருக்கு விடுமுறை, நகர்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் மேற்பார்வையாளர் நோட்டீஸைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையைச் சாதாரண நாளாகவும் திங்கட்கிழமையை விடுமுறையாகவும் பணிப்பட்டியலில் எழுதிவிட்டார். பாதுகாவலரும் ஞாயிறு வந்து வேலை பார்த்தார், திங்கள் வீட்டில் இருந்தார். சம்பளச் சீட்டு வந்ததும் என் மேசைக்கு வந்து, "தம்பி, கிறிஸ்துமஸ் அன்னைக்கு நான்தான் கேட்டுல இருந்தேன். அந்தக் காசு எங்கே?" என்றார்.

மேற்பார்வையாளரிடமும் ஒரு வாதம் இருந்தது, அதைத் தள்ளிவிட முடியாது. கட்டாய ஐந்தைத் தவிர மற்ற ஆறையும் முதலாளியும் ஊழியரும் ஒத்துக்கொண்டு வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. "திங்கள் வீட்டில் இருந்தாரே, ஒத்துக்கொண்டதாகத்தானே அர்த்தம்?" என்றார் அவர். எனக்கு அது ஒப்பவில்லை. அவரிடம் யாரும் கேட்கவில்லை. பட்டியலில் இருந்ததை அவர் பின்பற்றினார். கேட்காத கேள்விக்கு அவர் எப்படிச் சம்மதம் சொல்லியிருக்க முடியும்?

கடைசியில், ஞாயிற்றுக்கிழமையைப் பொது விடுமுறையில் செய்த வேலையாகவே கணக்கிட்டோம். மாதச் சம்பளக்காரருக்கு அது, விடுமுறைச் சம்பளம் போக, இன்னும் இரண்டு நாள் சம்பளம். திங்கட்கிழமையை அவர் கணக்கிலிருந்து கழிக்கவில்லை. நிறுவனத்தின் தவறான பட்டியலால் வந்த நாள் அது, நிறுவனமே சுமக்கட்டும் என்று விட்டோம்.

கோத்தா பாரு: வாரம் ஞாயிறில் தொடங்கும் ஊர்

பதினான்கில் நான்கு பதிவுகள் கிளந்தான் மாநிலத்தில் இருக்கும் கோத்தா பாரு கிளையிலிருந்து வந்தவை. அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறுதான் வாரத்தின் முதல் வேலை நாள். கெடாவும் திரங்கானுவும் அப்படியே. அப்போது ஜொகூரும் அந்தப் பட்டியலில் இருந்தது. 2025 ஜனவரியில்தான் அது சனி-ஞாயிறுக்குத் திரும்பியது.

கிளந்தானில் 2022 டிசம்பர் 25 ஒரு வேலை நாளில் விழுந்த பொது விடுமுறை. அன்று லீவு, திங்கள் வேலை. அங்கே ஒரு விடுமுறை நகர வேண்டுமானால் அது அவர்களுடைய வார ஓய்வு நாளில் விழுந்திருக்க வேண்டும், நகர்ந்து ஞாயிறுக்கு வரும்.

ஒன்பது பேர் கொண்ட அந்தக் கிளையில் நோட்டீஸை இரண்டு விதமாகப் படித்திருந்தார்கள். ஐந்து பேர், 'இது கே.எல். நோட்டீஸ், நமக்கு ஞாயிறுதான்' என்று திங்கள் வேலைக்கு வந்தார்கள். மீதி நான்கு பேர், 'அனைத்து ஊழியர்கள்' என்று தலைமை அலுவலகமே எழுதியிருக்கிறது, ஞாயிறும் லீவு திங்களும் லீவு என்று நான்கு நாள் சேர்ந்தாற்போல் இருந்துவிட்டார்கள். வியாழன் மாலை போனவர்கள் செவ்வாய் காலைதான் வந்தார்கள். கிளை மேலாளர் அந்த நான்கு பேருக்கும் ஆண்டு விடுப்பில் ஒரு நாளை வெட்டினார்.

சட்டப்படி மேலாளர் சொன்னது சரி, திங்கள் அங்கே விடுமுறை இல்லை. ஆனால் நிறுவனமே கையெழுத்திட்டு 'அனைவருக்கும் 26 விடுமுறை' என்று எழுதிக் கொடுத்த பிறகு, அதை நம்பியவர் விடுப்பை வெட்டுவது முறையா? சட்டம் சொல்வது குறைந்தபட்சம். அதற்கு மேல் ஒரு நாளை நிறுவனம் தாராளமாகக் கொடுக்கலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. நோட்டீஸைப் படித்தவருக்கு அது தவறா தாராளமா என்று எப்படித் தெரியும்? நான்கு பேருடைய விடுப்பையும் திருப்பிக் கொடுத்தோம். அப்புறம் வந்தது அடுத்த சிக்கல்: வேலைக்கு வந்த ஐந்து பேர் சும்மா இருப்பார்களா? அவர்களுக்கும் ஒரு நாள் ஈட்டு விடுப்பு கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரு சொல்லுக்கு ஒன்பது நாள் விலை.

லண்டன்: அடுத்த நாளும் விடுமுறையாக இருந்தால்

லண்டன் கிளையில் திங்கட்கிழமை யாருக்கும் குழப்பம் இல்லை. குழப்பம் செவ்வாய்க்கிழமை.

இங்கிலாந்தில் டிசம்பர் 26 எப்படியும் விடுமுறை, பாக்ஸிங் டே. ஞாயிறில் விழுந்த கிறிஸ்துமஸுக்கு உட்கார இடம் இல்லை, ஏனென்றால் திங்கட்கிழமையில் ஏற்கெனவே ஒரு விடுமுறை உட்கார்ந்திருக்கிறது. ஆகவே கிறிஸ்துமஸின் மாற்று நாள் 27, செவ்வாய்க்கு நகர்ந்தது. அரசின் விடுமுறைப் பட்டியலிலும் அப்படித்தான்: 26 பாக்ஸிங் டே, 27 கிறிஸ்துமஸுக்கான மாற்று நாள். எங்கள் நோட்டீஸோ 27 முதல் அலுவலகம் வழக்கம்போல் இயங்கும் என்றது.

வழக்கம்போல் இயங்கியதா? அங்கே ஒருவரும் வரவில்லை. எங்கள் மென்பொருள் எட்டுப் பேருக்கும் 'அனுமதியில்லாமல் வரவில்லை' என்று குறித்துவிட்டது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பிரிட்டனில் பொது விடுமுறைக்கு வங்கி விடுமுறை என்று பெயர். அந்த நாளில் லீவு கொடுத்தே ஆக வேண்டும் என்று முதலாளிக்குச் சட்டக் கட்டாயம் இல்லை. ஆண்டுக்கு 5.6 வாரம் சம்பள விடுப்பு கட்டாயம்; வாரத்துக்கு ஐந்து நாள் வேலை செய்பவருக்கு அது 28 நாள். வங்கி விடுமுறைகளை அந்த 28க்குள் அடக்கலாம், வெளியே தனியாகவும் கொடுக்கலாம். எது என்பது பணி ஒப்பந்தத்தைப் பொறுத்தது. எங்கள் லண்டன் ஒப்பந்தத்தில் 'வங்கி விடுமுறைகள் தனி' என்று தெளிவாக இருந்தது. எட்டுப் பேரும் தலைமை அலுவலக நோட்டீஸைப் பார்க்காமல் ஒப்பந்தத்தையும் அரசுப் பட்டியலையும் பார்த்து நடந்திருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் உள்ள உரிமையை ஒரு நோட்டீஸ் குறைக்க முடியாது, கூட்டத்தான் முடியும். எட்டுப் பதிவுகளையும் அன்றே திருத்தினேன். இந்த வழக்கில் சுலபமாக முடிந்த பகுதி இது.

சிங்கப்பூரும் இந்தியாவும்

சிங்கப்பூர் கிளையில் ஒரு பிரச்சினையும் எழவில்லை. அங்கே பொது விடுமுறை ஞாயிறில் விழுந்தால் மறுநாள் திங்கள் விடுமுறை என்பது விடுமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது. மனிதவள அமைச்சு ஆண்டுக்கு முன்பே வெளியிடும் பட்டியலிலும் அந்தத் திங்கள் இருக்கும். நோட்டீஸ் அங்கே சரியாக அமைந்தது தற்செயல்தான், யாரும் சரிபார்த்து எழுதவில்லை.

இந்தியாவில் ஞாயிறில் விழுந்த விடுமுறை தானாகத் திங்களுக்கு நகரும் என்ற பொது விதி கிடையாது. குடியரசு தினம் ஞாயிறில் வந்தால் திங்கள் வேலைக்குப் போக வேண்டியதுதான். 2025 ஜனவரி 26 அப்படித்தான் போயிற்று. எப்போதாவது அரசு தனி ஆணை போட்டு ஒரு நாள் கொடுத்தால் உண்டு. எங்கள் இந்தியக் கிளை மேலாளருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் நோட்டீஸ் வந்த அன்றே, "இந்த மாற்று விடுமுறை நமக்குப் பொருந்தாது" என்று கிளைக்குத் தனியாக எழுதிவிட்டார். அங்கே தகராறான பதிவு ஒன்றே ஒன்றுதான்: விடுப்பில் ஊருக்குப் போயிருந்த ஒருவர் முதல் நோட்டீஸைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்க்கவில்லை.

கணக்கு முடிந்தது: பாதுகாவலர் ஒன்று, கிளந்தான் நான்கு, லண்டன் எட்டு, இந்தியா ஒன்று. பதினான்கு.

இதில் கட்டட நிர்வாகத்தின் நோட்டீஸையும் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூர் கட்டடத்தின் மின்தூக்கியில், "டிசம்பர் 25, 26 குளிரூட்டி இயங்காது" என்று ஒட்டியிருந்தார்கள். அதைப் படம் பிடித்து அனுப்பி, 'இதோ ஆதாரம், திங்கள் லீவு' என்று ஒருவர் வாதாடினார். முடிவு சரி, ஆதாரம் தவறு. கட்டடம் மூடுவது கட்டடத்தின் விஷயம். ஏசி ஓடவில்லை என்றால் வியர்க்கும், அதனால் லீவாகிவிடாது. 'அலுவலகம் மூடப்பட்டிருக்கும்' என்று மட்டும் எழுதும் நோட்டீஸும் இதே ரகம்தான். மூடிய நாள் சம்பள விடுமுறையா, விடுப்பில் கழியுமா, வீட்டிலிருந்து வேலையா என்று அது சொல்வதில்லை. அந்த வாக்கியத்தைக் கண்டால் உடனே கேட்டுவிடுவது நல்லது.

அடுத்த ஞாயிறு

இந்தத் தகராறுகளில் லண்டனும் கிளந்தானும் 28ஆம் தேதியே எங்கள் காதுக்கு வந்துவிட்டன. அடுத்த ஞாயிறு 2023 ஜனவரி 1. அதே சூழ்நிலை, நான்கே நாள் கையில். இந்தமுறை நோட்டீஸை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

'அனைத்து ஊழியர்கள்' என்பதை முதலில் எடுத்துவிட்டு, ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வரி எழுதினேன். ஒவ்வொரு வரியிலும் இரண்டு தேதி: எந்த நாள் விடுமுறை, மறுபடி எந்த நாள் வேலை. தேதியோடு கிழமையும். 'வழக்கம்போல்' என்ற சொல்லை விட்டேன், யாருடைய வழக்கம் என்று தெரியாததால்.

கோலாலம்பூர் வரி எளிது: 1 ஞாயிறு, மாற்று 2 திங்கள், வேலை 3 செவ்வாய். சிங்கப்பூரும் லண்டனும் அதே. இந்தியா: 2 திங்கள் வேலை நாள்.

கிளந்தானில் கை நின்றது. சென்ற வாரப் பாடத்தை வைத்து '1 ஞாயிறு விடுமுறை, 2 திங்கள் வேலை' என்று எழுதிவிட்டு, அனுப்பும் முன் மாநிலப் பட்டியலைத் திறந்தேன். கிளந்தானில் ஜனவரி 1 பொது விடுமுறையே இல்லை. ஜொகூர், கெடா, பெர்லிஸ், திரங்கானுவிலும் இல்லை. எங்கள் கோத்தா பாரு கிளைச் சுவரில் ஒட்டியிருந்த ஆறிலும் அது கிடையாது. அங்கே 1 ஞாயிறும் வேலை நாள். கிழமை நகர்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த நாள் அந்த இடத்தில் விடுமுறைதானா என்று பார்க்க வேண்டும். அவசரத்தில் அந்த முதல் படியையே தாண்டியிருந்தேன்.

சுழற்சிப் பணியாளர்களுக்குத் தனி வரி: "ஞாயிறு உங்கள் ஓய்வு நாளாக இல்லாவிட்டால், ஜனவரி 1தான் உங்கள் விடுமுறை. அன்று பணியில் இருந்தால் பொது விடுமுறைக் கணக்கு. 2ஆம் தேதி உங்கள் பணிப்பட்டியலின்படி." பாதுகாவலரிடம் இதைப் படித்துக் காட்டினேன். "அப்போ ஒண்ணாம் தேதி நான் வரட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நோட்டீஸ் கணக்கைச் சொல்கிறதே தவிர, அவரிடம் வா என்றோ வராதே என்றோ சொல்லவில்லை. மேற்பார்வையாளரை அழைத்து, அவர் பெயருக்கு எதிரே ஞாயிற்றுக்கிழமையில் 'பொது விடுமுறை, பணி உண்டு' என்று பட்டியலிலேயே எழுத வைத்தோம்.

அதே ஜனவரி 1இல் மலேசியச் சட்டத்திலும் ஒரு மாற்றம் அமலுக்கு வந்தது. அதுவரை வேலைவாய்ப்புச் சட்டத்தின் பாதுகாப்பு முக்கியமாக மாதம் 2,000 ரிங்கிட் வரை வாங்குபவர்களுக்கும் உடலுழைப்புத் தொழிலாளர் போன்ற சில பிரிவினருக்கும்தான். அன்றிலிருந்து சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் ஊழியர் எல்லாரும் சட்டத்துக்குள் வந்தார்கள். விடுமுறை நாளில் வேலை செய்தால் கிடைக்கும் கூடுதல் தொகை போன்ற சிலவற்றுக்கு மட்டும் 4,000 ரிங்கிட் வரம்பு. எனவே மேலதிகாரிகளின் மாற்று விடுமுறை டிசம்பர் 26இல் ஒப்பந்தத்தின் வழியாக வந்தது, ஜனவரி 2இல் சட்டத்தின் வழியாக வந்தது. அவர்களில் யாருக்கும் வித்தியாசம் தெரிந்ததாகத் தெரியவில்லை. இரண்டு திங்களும் தூங்கினார்கள்.

புதிய நோட்டீஸ் 29ஆம் தேதி காலை போயிற்று. மாலைக்குள் ஒரு மின்னஞ்சல். லண்டன் கிளையின் பெயரில் இருந்தாலும் எடின்பரோவில் வீட்டிலிருந்து வேலை செய்யும் ஒரு பெண் எழுதியிருந்தார். ஸ்காட்லாந்தில் ஜனவரி 2உம் ஒரு வங்கி விடுமுறை. ஆகவே ஞாயிறில் விழுந்த புத்தாண்டோடு சேர்த்து அங்கே 2, 3 இரண்டு நாளும் விடுமுறைப் பட்டியலில் இருக்கின்றன, நோட்டீஸில் லண்டன் வரி 3ஆம் தேதி வேலை என்கிறதே என்று கேட்டிருந்தார். அவருடைய ஒப்பந்தத்தைத் திறந்தேன். 'பணிபுரியும் இடத்தின் வங்கி விடுமுறைகள்' என்று இருந்தது. கிளையின் இடம் என்று இல்லை.

நோட்டீஸில் ஏழாவதாக ஒரு வரி சேர்த்து, மேலே 'திருத்தப்பட்டது, 29.12.2022, மாலை' என்று எழுதி மறுபடி அனுப்பினேன்.